நோட்டில் நட்சத்திரம், ரிப்போர்ட்டில் சி1

குப்பத்தில் மதிப்பெண் கணக்கு மூன்று விதமாக ஓடுகிறது. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே ஆந்திரம் நீட்டிய விரல் மாதிரி இருக்கும் ஊர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு அல்லது ஆங்கிலம், சந்தையில் எது வசதியோ அது. ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பையன் ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளியில் மாநிலப் பாடத்திட்டம் படிப்பான். எதிர்வீட்டுப் பெண் சி.பி.எஸ்.இ. பள்ளி வேனில் ஏறுவாள். விடுமுறைக்கு வரும் அத்தை மகன் வாணியம்பாடியில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் படிப்பவனாக இருப்பான். மூவரும் ஒரே அளவு வீட்டுப் பாடம் செய்து, தேர்வில் ஒரே அளவு எழுதினாலும் மூன்று ரிப்போர்ட்டிலும் ஒரே எண் வராது. இது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. ரிப்போர்ட்டின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள் அல்லது சண்டைக்குப் போவார்கள்.

சண்டைக்குப் போனவர்களில் ஒருவர், காய்கறி மண்டியில் தக்காளிக் கமிஷன் வியாபாரம் செய்யும் ஒரு தகப்பனார். 2024 மார்ச் மாதம் அவருடைய மகளின் ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் வந்தது. கணிதத்தில் 59, கிரேடு சி1. அவர் எதிர்பார்த்தது பி1. இந்த எதிர்பார்ப்பு வெறும் பாசத்தில் வந்ததல்ல. வருடம் முழுக்க மகளின் கணித நோட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர். 24 வீட்டுப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் நட்சத்திரம். எல்லாம் சேர்த்து 240க்கு 228. நூற்றுக்கு 95.

சி1 வெறும் மனவருத்தத்தோடு முடிகிற விஷயமாக இருந்திருந்தால் அவர் விட்டிருப்பார். ஆனால் ரிப்போர்ட்டோடு வகுப்பாசிரியை ஒரு யோசனையும் சொல்லியனுப்பியிருந்தார்: பத்தாம் வகுப்பில் 'பேசிக்' கணிதம் எடுத்தால் சுலபமாக இருக்கும். 2020ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள்களை வைத்தது. பாடம் ஒன்றுதான். 'ஸ்டாண்டர்ட்' தாள் கடினம், 'பேசிக்' தாள் எளிது. பதினொன்றாம் வகுப்பில் கணிதம் தொடர நினைப்பவர்களுக்கு ஸ்டாண்டர்ட், மற்றவர்களுக்கு பேசிக் என்பது ஏற்பாடு. மகளோ இன்ஜினியரிங் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக் என்றதும் தகப்பனாருக்கு அந்தக் கதவு சாத்தப்படுவது மாதிரி இருந்தது.

மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் ஒரு கணக்கு போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். வீட்டுப் பாடம் 240க்கு 228. வருடத்தில் நடந்த மூன்று பருவத் தேர்வுகள், ஒவ்வொன்றும் 40க்கு: 16, 20, 24. சேர்த்து 120க்கு 60. ஆண்டுத் தேர்வு 80க்கு 41. மொத்தம் 440க்கு 329. சதவீதம் ஏறத்தாழ 75.

"75 வந்தால் பி1 தானே மேடம்? 59 எங்கேயிருந்து வந்தது?" என்று சீட்டை மேஜையில் வைத்தார். கணக்கு டீச்சர் சீட்டைப் பார்த்தார். கூட்டலில் தப்பில்லை. "நீங்க கூட்டினது சரி சார். ஆனா இதெல்லாம் கூட்டக் கூடாத எண்கள்" என்றார்.

எதற்காகக் கூட்டக் கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புக் கணிதத்துக்கு அந்தப் பள்ளி பின்பற்றியது, 2017இல் சி.பி.எஸ்.இ. கொண்டுவந்து பிறகு சிறிது மாற்றிய 80 - 20 முறை. நூறு மதிப்பெண்ணில் 80 ஆண்டுத் தேர்வுக்கு. மீதி 20 பள்ளியே போடும் அகமதிப்பீடு. அந்த இருபதும் நான்கு ஐந்துகளாகப் பிரிகிறது. பருவத் தேர்வுகளுக்கு ஐந்து. வினாடிவினா, வாய்மொழிக் கேள்வி போன்ற பலவகை மதிப்பீட்டுக்கு ஐந்து. நோட்டு, செய்த வேலைகளின் தொகுப்பு ஆகியவற்றுக்கு ஐந்து. கணிதச் செய்முறைக்கு ஐந்து. ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் எடை முதலிலேயே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவுக்குள் எத்தனை பயிற்சி வைத்தாலும், எத்தனை மதிப்பெண்ணுக்கு வைத்தாலும் எடை மாறாது.

ஆகவே 24 வீட்டுப் பாடங்களின் 240 மதிப்பெண்ணும் சுருங்கி ஐந்தாகிவிடுகிறது. மகளின் 95 சதவீதம் 4.75 ஆனது. பள்ளி அதை முழுதாக்கி ஐந்து போட்டது. பலவகை மதிப்பீட்டில் ஐந்து, செய்முறையில் ஐந்து. பருவத் தேர்வுகளில் சிறந்த இரண்டின் சராசரியை எடுப்பது வழக்கம். 20, 24 ஆகியவற்றின் சராசரி 22. அது 40க்கு 55 சதவீதம். ஐந்துக்கு மாற்றினால் 2.75. பள்ளி மூன்று போட்டது. ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று: அகமதிப்பீடு 20க்கு 18. ஆண்டுத் தேர்வின் 41 அப்படியே வந்து சேருகிறது. 18ம் 41ம் 59. கிரேடு அட்டவணையில் 51 முதல் 60 வரை சி1, 61 முதல் 70 வரை பி2, 71 முதல் 80 வரை பி1.

தகப்பனார் அசையவில்லை. இருபதில் 18 என்றால் 90 சதவீதம், தேர்வில் 51 சதவீதம், இரண்டுக்கும் நடுவே 70 வர வேண்டாமா என்று கேட்டார். இங்கேதான் டீச்சர் அவருடைய தொழிலுக்கு வந்தார். "உங்க மண்டிக்கு இன்னிக்கு 100 பெட்டி தக்காளி வருதுன்னு வைங்க. 20 பெட்டி முதல் தரம், பெட்டி 900 ரூபாய்க்கு ஏலம் போகுது. 80 பெட்டி சுமாரான சரக்கு, 500 ரூபாய். விவசாயிக்கு சராசரியா பெட்டிக்கு என்ன கிடைச்சுதுன்னு சொல்வீங்க? 700னா?"

இதற்குச் சீட்டு தேவைப்படவில்லை. இருபது பெட்டி 18,000 ரூபாய், எண்பது பெட்டி 40,000 ரூபாய். மொத்தம் 58,000. பெட்டிக்கு 580. எழுநூறு என்று சொல்பவன் மண்டியில் ஒரு நாள் தாங்க மாட்டான். விலை இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவதில்லை, எத்தனை பெட்டி என்று பார்த்துத்தான் பெருக்குகிறார்கள். அகமதிப்பீட்டின் 90 என்பது விலை. அதற்கு 20 பெட்டிதான். தேர்வின் 51 என்பதும் விலை. அதற்கு 80 பெட்டி. சராசரி எப்போதும் பெட்டி அதிகமுள்ள பக்கமே சாயும்.

மண்டிச் சீட்டில் நடந்த பிழை இதற்கு நேர் எதிரானது. அதில் வீட்டுப் பாடம் 240 பெட்டி, ஆண்டுத் தேர்வு 80 பெட்டி என்று கணக்காகியிருந்தது. அதாவது வீட்டுப் பாடத்துக்கு ஆண்டுத் தேர்வைப்போல மூன்று மடங்கு எடையை அவரே கொடுத்துவிட்டார். பெற்றோர் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். வருடம் முழுக்க வீட்டுக்கு வருவது வீட்டுப் பாட மதிப்பெண். அது அடிக்கடி வருகிறது, நிறைய வருகிறது, கண்ணில் படுகிறது. ஆண்டுத் தேர்வு ஒரே ஒரு முறை வருகிறது. எண்ணிக்கையை எடை என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

டீச்சர் இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினார். 24 வீட்டுப் பாடங்களுக்கு மொத்தம் ஐந்து மதிப்பெண் என்றால், ஒரு முழு வீட்டுப் பாடம் இறுதி மதிப்பெண்ணில் சுமார் 0.2. மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்து, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, அடிக்கோடிட்டு வாங்கிய பத்துக்குப் பத்தின் மதிப்பு அவ்வளவே. ஆண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றை விட்டால் போவது முழு ஐந்து. அதாவது வருடத்தின் அத்தனை வீட்டுப் பாடங்களுக்கும் சமம். இனிமேல் மகள் நோட்டில் எவ்வளவு உழைத்தாலும் அந்தப் பிரிவில் ஏற்கெனவே ஐந்துக்கு ஐந்து. ஏற இடமில்லை. அகமதிப்பீடு முழுவதையும் 20 ஆக்கினாலும் கூடுவது இரண்டு. 61 வந்து பி2வின் வாசலில் நிற்கும். பி1 வேண்டுமானால் 71. பதினெட்டைக் கழித்தால் ஆண்டுத் தேர்வில் 53 வேண்டும். வந்தது 41. வித்தியாசம் 12. அந்தப் பன்னிரண்டை வேறெங்கும் தேட முடியாது.

"அப்ப வீட்டுப் பாடத்துக்கு மரியாதையே இல்லையா மேடம்?" என்று அவர் கேட்டதில் கொஞ்சம் கசப்பு இருந்தது. மரியாதை இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். பத்தாம் வகுப்பில் அகமதிப்பீடும் தேர்வும் சேர்த்து 33 எடுத்தால் ஒரு பாடத்தில் தேர்ச்சி. 18 கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு 80இல் 15 போதும். வீட்டுப் பாடம் கீழே விழாமல் பிடித்துக்கொள்கிறது. மேலே தூக்கிவிடுவதில்லை. மேலே போகும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அகமதிப்பீட்டில் பெரும்பாலும் வகுப்பில் எல்லோருமே 17, 18, 19 என்று வாங்குகிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும் எண் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வில் இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே சி.பி.எஸ்.இ. கிரேடு போடுவது நிலையான அட்டவணைப்படி அல்ல. தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ2 என்று இறங்குகிறார்கள். வரிசையில் யார் முன்னால் என்பதை அந்த எண்பதுதான் தீர்மானிக்கும்.

இந்த எடை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2009இல் சி.பி.எஸ்.இ. தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தபோது, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, இரண்டு தொகுத்தறித் தேர்வுகளுக்கும் சேர்த்து 60. அது 2017இல் முடிந்து, 80 - 20 வந்தது. கொரோனாவால் 2021இல் பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோதும் இந்த எண்பது கரையவில்லை. பருவத் தேர்வுக்கு 10, அரையாண்டுத் தேர்வுக்கு 30, முன்மாதிரித் தேர்வுக்கு 40 என்று அதே எண்பதைப் பள்ளியின் பழைய தேர்வுகளிலிருந்து எடுத்தார்கள். தேர்வே இல்லாத வருடத்திலும் வீட்டுப் பாடப் பிள்ளைக்கு எந்தச் சலுகையும் இல்லை.

ஆந்திர அரசு இன்னும் ஒரு படி போனது. மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பில் 20 அகமதிப்பீட்டு மதிப்பெண் இருந்தது. தனியார் பள்ளிகள் அதை அள்ளிக் கொடுக்கின்றன என்ற புகாருக்குப் பிறகு 2019இல் அரசு அதை நீக்கியது. நூறும் பொதுத்தேர்வுக்கே. ஆகவே எதிர்வீட்டுப் பையனுடைய நோட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலில் அதன் எடை பூஜ்யம்.

இதை டீச்சர் சொன்னபோது தகப்பனாருக்கு வாணியம்பாடி மச்சான் ஞாபகம் வந்தது. "எங்க பக்கம் வீட்டு வேலைக்கே நாற்பது மார்க்கு மாமா" என்று மச்சான் எப்போதோ சொல்லியிருக்கிறார். அங்கே படித்திருந்தால் மகள் தப்பித்திருப்பாளே என்ற எண்ணம். டீச்சர் அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரையும் அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கும் வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறித் தேர்வுக்கு 60 என்று இருந்தது. ஆனால் அந்த நாற்பதைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் வளரறி 'அ' என்ற இருபதுதான் செயல்பாடுகளுக்கு. வளரறி 'ஆ' என்ற மறு இருபது சிறு தேர்வுகளுக்கு. மகளின் அதே திறமையை அங்கே வைத்தால், செயல்பாட்டில் 20க்கு 20. சிறு தேர்வில் 55 சதவீதம் என்றால் 11. பெரிய தேர்வில் 51 சதவீதம் என்றால் 60க்கு 31. மொத்தம் 62. மச்சான் சொன்னபடி நாற்பதும் வீட்டு வேலைக்கே என்றால் 40ம் 31ம் சேர்ந்து 71 ஆகியிருக்கும். நாற்பதுக்குள்ளேயே ஒரு தேர்வு ஒளிந்திருந்ததால் 62.

ஆக, அதே பெண்ணுக்கு ஆந்திரப் பொதுத்தேர்வுக் கணக்கில் 51. சி.பி.எஸ்.இ. கணக்கில் 59. தமிழ்நாட்டுக் கணக்கில் 62. மூன்று எண்ணும் ஒரே பெண்ணின் ஒரே அறிவைத்தான் சொல்கின்றன. எடை மாறினால் எண் மாறுகிறது. ஆனால் எந்த எடையும் 51ஐ 75 ஆக்குவதில்லை. பிரிவின் பெயரை மட்டும் பார்க்காமல் அதற்குள் எத்தனை பங்கு தேர்வு என்று பார்க்க வேண்டும் என்பது அதில் கிடைக்கும் பாடம். குப்பம் பள்ளியின் 80 - 20இல்கூட, இருபதுக்குள் ஐந்து பருவத் தேர்வுக்குப் போகிறது. ஆகவே தேர்வின் உண்மையான எடை 85. தேர்வல்லாத வேலைக்கு மிஞ்சுவது 15.

பருவத் தேர்வைப் பற்றி டீச்சர் சொன்னது தகப்பனாரைக் கொஞ்சம் உறுத்தியது. பதினாறு, இருபது, இருபத்து நான்கு என்பவை நாற்பதுக்கு 40, 50, 60 சதவீதம். இந்தத் தேர்வுகள் கிரேடில் கூட்டுவது ஐந்து மதிப்பெண்தான். ஆனால் வரப்போகிற எண்பதுக்கு அவை முன்னறிவிப்பு. மூன்றின் சராசரி 50 சதவீதம், ஆண்டுத் தேர்வில் வந்தது 51. ஜூலையிலும் செப்டம்பரிலும் டிசம்பரிலும் அந்தத் தாள்கள் வீட்டுக்கு வந்து, கையெழுத்தாகித் திரும்பிப் போயின. நட்சத்திரம் போட்ட நோட்டுக்குப் பக்கத்தில் அவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி மிச்சமிருந்தது, 95க்கும் 50க்கும் நடுவே இத்தனை பெரிய பள்ளம் எப்படி என்பது. தேர்வு பயமா, மெதுவாக எழுதுவதா, புரியாமல் எழுதியதா? மூன்றுக்கும் மருந்து வேறு. கண்டுபிடிக்க டீச்சர் ஒரு எளிய வழி வைத்திருந்தார். மகளைக் கூப்பிட்டு, அவளுடைய நோட்டிலிருந்தே, பல மாதங்களுக்கு முன் அவள் சரியாகச் செய்திருந்த ஆறு கணக்குகளை வெவ்வேறு பாடங்களிலிருந்து எடுத்து, வெள்ளைத்தாளில் வரிசை மாற்றி எழுதிக் கொடுத்தார். நோட்டு மூடியிருக்க வேண்டும். நேரக் கட்டுப்பாடு இல்லை. மதிப்பெண்ணும் இல்லை.

நேரக் கட்டுப்பாடு இல்லாதபோது சரியாகச் செய்துவிட்டால் கோளாறு வேகத்தில் இருக்கிறது. வகுப்பில் சரியாகச் செய்து தேர்வறையில் மட்டும் தடுமாறினால் பயம். நேரம் இருந்தும் வரவில்லை என்றால், நோட்டில் இருக்கும் விடை முழுக்க அவளுடையதல்ல. மகள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தாள். ஆறில் இரண்டு சரி.

தவறிய நான்கில் ஒன்று கூம்பு வடிவக் கூடாரம். உயரம் 4 மீட்டர், அடிப்பக்க ஆரம் 3 மீட்டர், எவ்வளவு துணி வேண்டும் என்பது கேள்வி. நோட்டில் இதே கணக்கு 'கூம்பின் வளைபரப்பு' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. தலைப்பே எந்தச் சூத்திரம் என்று சொல்லிவிடுகிறது. மேலே ஒரு மாதிரிக் கணக்கு, அதைப் பார்த்து எண்ணை மாற்றிப் போட்டால் விடை. வெள்ளைத்தாளில் தலைப்பில்லை, கூடாரமும் துணியும்தான். அவள் வளைபரப்பு என்பதைப் பிடித்துவிட்டாள். ஆனால் சாயுயரம் போட வேண்டிய இடத்தில் 4 மீட்டர் உயரத்தைப் போட்டாள். 3.14ஐ 3ஆலும் 4ஆலும் பெருக்கி 37.68 சதுர மீட்டர். முதலில் 3, 4 என்ற இரண்டிலிருந்து பித்தாகரஸ் தேற்றத்தால் சாயுயரம் 5 மீட்டர் என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். அப்போது 47.1 சதுர மீட்டர். நோட்டில் சாயுயரம் கண்டுபிடிக்கும் வரி இருந்தது. மாதிரிக் கணக்கில் இருந்ததால் அவளும் எழுதியிருந்தாள். எதற்காக எழுதினாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"நைனா, டியூஷன்ல அக்கா ஸ்டெப் ஸ்டெப்பா போர்டுல போட்டுடுவாங்க" என்றாள் மகள், தலை குனிந்தபடி. கள்ளத்தனம் எதுவும் இல்லை. நோட்டில் ஒவ்வொரு எழுத்தும் அவள் கையால் எழுதியதுதான். எந்தச் சூத்திரம் என்று முடிவு செய்த வேலை மட்டும் வேறொருவருடையது. தேர்வு கேட்டது அந்த வேலையை. 24 வீட்டுப் பாடங்கள் அளந்தது ஒன்று, ஆண்டுத் தேர்வு அளந்தது வேறொன்று. 95ம் 51ம் முரண்படுவது மாதிரி தெரிந்தது அதனால்தான்.

எண்பது மதிப்பெண் எடை நியாயமா என்று கேட்க இடமிருக்கிறது. மூன்று மணி நேரத்தில் ஒரு வருடத்தை அளப்பதில் குறை உண்டு. அன்று காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அது தண்டனை. ஆனால் இந்தப் பெண் விஷயத்தில் தேர்வு பொய் சொல்லவில்லை. அவளை ஏமாற்றியது நோட்டு.

பேசிக்கா ஸ்டாண்டர்டா என்பதை அன்றைக்கே முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. பத்தாம் வகுப்பு மாணவர் பட்டியலை வாரியத்துக்கு அனுப்பும்போது சொன்னால் போதும். முதல் பருவத் தேர்வு வரை பார்ப்போம் என்றார் டீச்சர். வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு. டியூஷனில் அக்கா போர்டில் எழுதுவதற்கு முன்னால், எந்தச் சூத்திரம், ஏன் என்று ஒரு வரி மகள் தானே எழுத வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், முடித்த பாடங்களிலிருந்து ஆறு கணக்குகள், தலைப்பில்லாமல், கலந்து, நோட்டை மூடிவைத்து. கணக்குகளைத் தேர்ந்தெடுப்பது தகப்பனார் வேலை. அவருக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. நோட்டைக் கண்ட பக்கத்தில் திறந்து, கேள்வியை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். விடை ஏற்கெனவே நோட்டில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் சில வாரம் ஆறில் இரண்டு, மூன்று என்றே வந்தது. அந்த வாரங்களில் வீட்டுப் பாட நோட்டில் நட்சத்திரமும் குறைந்தது. சொந்தமாகச் செய்தால் தப்பு வரும், தப்பு வந்தால் பத்துக்கு ஏழு என்று வரும். அம்மாவுக்கு அது கவலை. பத்து ஏழானால் இறுதியில் போவது ஒரு மதிப்பெண்ணில் ஏழு சதம்கூட இல்லையே என்றார் தகப்பனார். பத்து மார்க் வீட்டுப் பாடத்துக்கு இறுதியில் 0.2தான், அதில் மூன்று பங்கு போனால் என்ன குறைந்துவிடும் என்று விலை பேசும் குரலில் விளக்கினார்.

பத்தாம் வகுப்பின் முதல் பருவத் தேர்வில் மகளுக்கு 40க்கு 26 வந்தது. 65 சதவீதம். தகப்பனார் இந்த முறை எண்பதிலிருந்து தொடங்கினார். எண்பதுக்கு 65 சதவீதம் 52. அகமதிப்பீடு 18 என்று வைத்தால் 70. பழைய அட்டவணைப்படி பி1க்கு ஒன்று குறைகிறது. அது முன்னறிவிப்புதான், மதிப்பெண் அல்ல என்பதும் அவருக்குத் தெரியும். ஸ்டாண்டர்ட் என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டு, படிவத்தை மகளிடம் கொடுத்தார்.